அப்பாயியின் அலுமாரிக்கு ஒரு பித்தளைப் பிடி

அலுமாரியின் அடி லாச்சிக்கு இடப்பக்கப் பிடி ஒருவழியாக ஏறிவிட்டது. வலப்பக்கத்துப் பழைய பிடியோடு சேர்த்துப் பார்த்தால் எது புதிது என்று எனக்கே உடனே பிடிபடுவதில்லை. பழைய சாமான்களுக்குப் பிடி தேடி அலைகிறவர்களுக்கு உதவும் என்பதால், அப்பாயி தேடிய கதையையும் பட்டறையில் நடந்ததையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அலுமாரி தேக்கு. இரண்டு கதவு, கீழே நீளமாக ஒரு லாச்சி. தாத்தா தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக இருந்தவர். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரைமார் பலர் சாமான்களை விற்றும் கொடுத்தும் விட்டுக் கப்பலேறினார்கள். அப்படி வந்தது இது. லயத்து அறைக்குள் இதை நுழைக்க நிலைக்கதவைக் கழற்ற வேண்டியிருந்தது என்பார்கள். அந்த லாச்சியில்தான் அப்பாயியின் பிரஜாவுரிமைக் கடதாசி, தாத்தாவின் பென்ஷன் புத்தகம், கூறைச்சேலை எல்லாம் இருக்கின்றன. ஆகவே அது நாளுக்குப் பலமுறை இழுபடும் லாச்சி.

பிடி போனதற்குக் காரணம் பிடியில்லை, மழை. ஹட்டன் பக்கம் மே மாதம் தொடங்கும் மழையும் பனிமூட்டமும் செப்டம்பர் வரை விடாது. பலகை ஈரத்தைக் குடித்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்காகப் பருக்கும். லாச்சியின் முகப்பலகை மேலும் கீழும் சட்டத்தில் இறுகிவிடும். இறுகிய லாச்சியை ஒரு பக்கப் பிடியால் மட்டும் இழுத்தால், அந்தப் பிடியின் தண்டு நட்டு ஏறும் இடத்தில் முறியும். அப்படித்தான் முறிந்தது. கழன்று விழுந்த பாகங்களை வீட்டைத் துப்புரவாக்கிய சித்தப்பா பழைய போத்தல்காரரிடம் போட்டுவிட்டார். அப்பாயி அவரோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

பிடியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மரத்தோடு ஒட்டி ஒரு பின்தட்டு. தட்டிலும் பலகையிலும் உள்ள துளைகள் வழியாக உள்ளே போகும் இரண்டு தண்டுகள், உருண்டைத் தலையோடு. அந்தத் தலைகளுக்கு நடுவே தொங்கும் வளைந்த கைபிடி, அதைத் தொங்கல் என்கிறேன். தொங்கலின் இரு நுனிகளும் உட்பக்கம் திரும்பித் தண்டுத் தலைகளின் துளைகளுக்குள் உட்கார்ந்திருக்கும்.

அப்பாயி மிஞ்சிய பிடியைக் கழற்றச் சொல்லி, கைக்குட்டையில் முடிந்து சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். முதலில் ஹட்டன் டவுனில் இருக்கும் ஹார்ட்வெயர் கடைகள். அங்கே எடுத்த எடுப்பில் ஒரு விஷயம் இடித்தது. கடையில் இருக்கும் பிடிகளில் துளைக்குத் துளை தூரம் 64 மில்லிமீட்டர், இல்லாவிட்டால் 96. நம்முடையது 76. வெள்ளைக்காரன் மூன்று அங்குலம் என்று வைத்துத் துளைத்தது, இப்போது வருகிறவை 32இன் மடங்குகளில் வருகிறவை. 96 வாங்கினால் புதிதாகத் துளை போட வேண்டும், பழைய துளைகளும் முகப்பில் தெரியும்.

"ரெண்டையும் கழட்டிட்டுப் புதுச் சோடி போட்டுருவோம் அப்பாயி" என்றேன்.

"ஒன்னுதானே போச்சு. ஒன்னுக்கு எதுக்குடா ரெண்டு?"

அவர் பிடிவாதத்தில் ஒரு நியாயமும் இருந்தது. பழைய தட்டு பல வருடம் மறைத்திருந்த இடத்தில் மரம் வெளிர் நிறமாக, தட்டின் அதே வடிவத்தில் நிற்கிறது. அதைவிடச் சிறிய தட்டு எதைப் போட்டாலும் ஓரத்தில் அந்த வெளிர் விளிம்பு எட்டிப் பார்க்கும். பொலிஷ் அடித்தும் முழுதாக மறையாது.

ஒரு கடையில் 650 ரூபாவுக்குப் 'பித்தளைப் பிடி' என்று ஒன்றைக் காட்டினார்கள். நான் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. சரி, பித்தளைதான் என்று நினைத்தேன். அப்பாயி அதை வாங்கிக் கடை மேசையில் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார், பிறகு நம்முடையதைத் தட்டினார். நம்முடையது கணீரென்றது, கடைப் பிடி டக்கென்று செத்தது. காந்தம் ஒட்டாவிட்டால் இரும்பில்லை என்பது மட்டும்தான் தெரியும். உள்ளே நாகக் கலவையை வார்த்து மேலே மஞ்சள் பூச்சு ஏற்றியதற்கும் காந்தம் ஒட்டாது. சந்தேகமென்றால் பின்பக்கத்தில் அரத்தால் லேசாக இழுத்துப் பாருங்கள், பூச்சுக்கடியில் சாம்பல் வெள்ளை வந்தால் பித்தளையில்லை. எடையும் காட்டிக் கொடுக்கும். ஒரே அளவுள்ள பிடியென்றால் நாகக் கலவை பித்தளையில் ஐந்தில் நான்கு பங்கு எடைதான் வரும். அப்பாயியின் கைக்கு அது தட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்கலாம், சொல்லவில்லை.

அடுத்தது கண்டியில் பழைய தளபாடம் விற்கும் ஒரு கடை. அங்கே ஒரு பிஸ்கட் டின் நிறையக் கழற்றிய பிடிகள். அப்பாயி ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து நம்முடையதன் மேல் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்று கிட்டத்தட்டப் பொருந்தியது. தட்டின் வடிவம் அதே மாதிரி, தொங்கலின் வளைவும் அதே மாதிரி. வேர்னியரில் அளந்தால் துளைத் தூரம் மூன்றேகால் அங்குலம். கால் அங்குலம்தானே, துளையை நீள்வட்டமாக அராவிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். அராவலாம்தான். ஆனால் தண்டு துளைக்குள் ஆடும், அடுத்த மழைக்கு இறுகிய லாச்சியை இழுக்கும்போது அது பலகையைத் தின்னும். விலை வேறு அவர் சோடியாகத்தான் சொன்னார், 9,000 ரூபா. அப்பாயி டின்னை மூடிக் கொடுத்துவிட்டு எழுந்தார். அந்தக் கடைக்காரர்தான், அப்படியானால் பிலிமத்தலாவைக்குப் போய் வார்த்துக்கொள்ளுங்கள் என்று வழி சொன்னார்.

கண்டியிலிருந்து கொழும்பு போகும் வீதியில், பேராதனை தாண்டி வருகிறது பிலிமத்தலாவை. வீதியோரக் கடைகளில் குத்துவிளக்கும் யானையும் மின்னும். வார்க்கிற வேலை உள்ளே, கடலாதெனிய விகாரைப் பக்கத்துக் கிராமங்களில், வீட்டோடு ஒட்டிய பட்டறைகளில் நடக்கிறது. ஹட்டனிலிருந்து போகிறவர்கள் கண்டி பஸ்ஸில் ஏறிப் பேராதனையில் இறங்கி மாறிக்கொண்டால் போதும்.

அங்கே ஒரு பாஸ் பிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடியை விட்டுவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அப்பாயி தோட்டத்துச் சிங்களத்தில் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். ஒன்று போய்விட்டது, இதையும் விட்டுவிட்டுப் போக மாட்டேன், நீங்கள் செய்யும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று. பாஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி ஆச்சி உட்காருங்கள் என்று பட்டறை வாசலில் ஒரு பலகையைப் போட்டார். அவர் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். அப்பாயி ஒரு மிடறு குடித்துவிட்டு, இது எந்தத் தோட்டத்துத் தூள் என்று கேட்டார்.

வார்க்கும் முறை இதுதான். களி கலந்த மென்மையான மணலை லேசாக ஈரமாக்கி ஒரு மரச் சட்டத்தில் இறுக்குவார்கள். அதில் மாதிரிப் பொருளைப் பாதி ஆழம் பதித்து, மேலே கரித்தூள் தூவி, இரண்டாவது சட்டத்தை வைத்து அதிலும் மணலை இறுக்குவார்கள். கரித்தூள் இரண்டு மணலும் ஒட்டாமல் பிரிவதற்கு. பிரித்து மாதிரியை எடுத்தால் அதன் அச்சு இரண்டு பக்கமும் நிற்கும். உலோகம் போக ஒரு வாய்க்காலும் காற்று வெளியேற மெல்லிய வழியும் கீறிவிட்டு, மறுபடி மூடி ஊற்றுவார்கள்.

ஊற்றுவதற்கு முன் பாஸ் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. பழைய தண்டின் மறைவான இடத்தைச் சுரண்டி, உள்நிறத்தைப் பார்த்தார். மேலே தெரியும் பழுப்பை நம்பி நிறம் பொருத்தக் கூடாது, அது கையழுக்கும் காலமும். சுரண்டிய இடம் கொஞ்சம் சிவந்த மஞ்சள். பித்தளையில் செம்பு கூடினால் சிவக்கும், நாகம் கூடினால் எலுமிச்சை மஞ்சளாகும். அவரிடமிருந்த பழைய தண்ணீர்க் குழாய்த் திருகுகள் எல்லாம் வெளிர் மஞ்சள். ஆகவே அவற்றோடு கொஞ்சம் செம்புக் கம்பியை வெட்டி மூசையில் போட்டார். சிரட்டைக் கரி நெருப்பு, புளோவர் காற்று. உருகியதும் வெள்ளைப் புகை கிளம்பத் தொடங்கியது. அது நாகம் எரிந்து போகிற புகை. அதை மூச்சில் இழுத்தால் இரவு காய்ச்சல் வரும். அதிக நேரம் விட்டால் நிறமும் தப்பிவிடும். பாஸ் அப்பாயியைக் காற்றுக்கு மேல்பக்கமாக நகரச் சொல்லிவிட்டு உடனே ஊற்றினார்.

தட்டு, தொங்கல், தண்டு எல்லாவற்றையும் ஒன்றாக வார்த்ததில்தான் சிக்கல் வந்தது. தட்டின் ஒரு மூலை நிரம்பவே இல்லை. தட்டு ஒன்றரை மில்லிமீட்டர்தான் தடிப்பம், அவ்வளவு மெல்லிய இடத்தில் உலோகம் மூலைக்குப் போய்ச் சேருவதற்குள் உறைந்துவிடுகிறது. பாஸ் இரண்டாவது தடவை கூடுதல் சூட்டில் ஊற்றி மூலையை நிரப்பினார். பார்வைக்கு அழகாக வந்தது. எனக்குப் போதும் என்று தோன்றியது.

அப்பாயி பழைய தட்டின் மேல் புதியதை வைத்து, கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுற்றிவரத் தடவினார். "இங்க ஏறுது பாரு" என்றார். இரு பக்கமும் நகம் ஒரு படியில் தட்டியது. வேர்னியரை வைத்தேன். பழைய தட்டின் நீளம் நாலு அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர். புதியது கிட்டத்தட்ட 100. துளைத் தூரமும் 76க்குப் பதில் 75.

பித்தளை உறைந்து ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவு சுருங்கும். மணல் அச்சு பழைய பிடியின் சரியான அளவில்தான் இருக்கிறது, அதில் ஊற்றியது ஆறும்போது அளவு குறைந்து வெளியே வருகிறது. அதனால்தான் வார்ப்பு வேலைக்கென்று செய்கிற மரமாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். யானை பொம்மைக்கு இது பொருட்டில்லை. துளைக்குத் துளை பொருந்த வேண்டிய சாமானுக்கு ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம். பாஸுக்கு இது தெரியாமலில்லை, யாரும் பிடியை இவ்வளவு நுணுக்கமாக அளந்து கேட்டதில்லை என்றார்.

தட்டின் ஓரத்தில் மெழுகு ஒட்டிப் பெரிதாக்கி மறுபடி வார்க்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, பாஸ் பழைய தட்டைக் கவிழ்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பின்பக்கம் வழவழவென்று ஒரே தடிப்பம். மணலில் வார்த்திருந்தால் பின்பக்கம் தோடம்பழத் தோல் மாதிரி சொரசொரத்திருக்கும். தொங்கலின் பின்பக்கத்தில் அந்தச் சொரசொரப்பு இருந்தது, தட்டில் இல்லை. ஆக, பழைய தட்டே வார்த்ததில்லை, தகட்டிலிருந்து வெட்டியது. பிடி எந்தெந்தப் பாகமாக, எப்படிச் செய்யப்பட்டது என்று பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இன்னொரு முறை செய்வதானால் பட்டறைக்குப் போகுமுன் பின்பக்கங்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

அதற்கப்புறம் வேலை நேராகப் போனது. பதினாறில் ஒரு அங்குலத் தடிப்பத்தில் ஒரு துண்டுத் தகடு, 900 ரூபா. பழைய தட்டை அதன் மேல் வைத்து ஊசியால் கோடு கீறி, நகைவேலைக்காரர் வைத்திருக்கும் மெல்லிய வில்வாளால் கோட்டுக்கு வெளியே வெட்டி, அரத்தால் கோடுவரை கொண்டுவந்தார்கள். துளைகளையும் பழைய தட்டைப் பிடித்துக்கொண்டே போட்டார்கள், அளந்து போடவில்லை. தகட்டில் சுருக்கம் என்ற பேச்சே கிடையாது.

தொங்கல் மட்டும் வார்த்ததே இருந்தது. அதை ஒரு மில்லிமீட்டர் விரிக்க வேண்டும். வார்த்த பித்தளையைப் பச்சையாக வளைத்தால் வெடிக்கும். பாஸ் அதை நிழலில் வைத்து மங்கல் சிவப்பு தெரியும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே மெதுவாகத் திறந்தார். சூடு எவ்வளவு என்று நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார், வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நிழல்.

தண்டுகளுக்கு மரை வெட்டுவது என் பங்கு. பழைய தண்டில் ஒட்டியிருந்த நட்டை வைத்து 5 மில்லிமீட்டர் மரையாக இருக்குமென்று நினைத்தேன். கடை நட்டு ஒரு சுற்றுப் போய் இறுகி நின்றது. தண்டின் விட்டம் 4.76, அதாவது பதினாறில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பழைய இங்கிலீஷ் விட்வர்த் மரை. ஹார்ட்வெயர் கடைகளில் கேட்டால் முழிப்பார்கள், ஆனால் தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் இருக்கும். நான் வேலை செய்கிற இடத்தில் ரோலரும் ட்ரையரும் பழைய இங்கிலீஷ் மெஷின்கள், அவற்றுக்காக வாங்கிய டையும் டேப்பும் எண்ணெய்த் துணியில் சுற்றி இன்னும் கிடக்கின்றன. பட்டறைப் பெரியவரிடம் கேட்டு, மதிய சாப்பாட்டு நேரத்தில் வெட்டினேன். வார்த்த தண்டு கொஞ்சம் தடிப்பமாக இருந்ததால் துளைக்கருவியில் மாட்டிச் சுழலவிட்டு அரத்தைப் பிடித்து 4.7க்குக் கொண்டுவந்து, பிறகு டையை அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று விட்டேன். பின்னே விடாமல் ஒரே இழுப்பில் போனால் சிராய் அடைத்து மரை பிய்ந்துவிடும். நட்டுகளைப் பித்தளைக் கம்பித் துண்டில் செய்துகொண்டேன்.

வார்ப்புக்கும் வெட்டு வேலைக்கும் பாஸ் 3,500 ரூபா எடுத்தார். வீணாய்ப்போன தட்டுகளை அவரே வைத்துக்கொண்டார், அவை மறுபடி மூசைக்குப் போகும். அந்தச் செலவை அவர் எங்களிடம் கேட்கவில்லை. தகட்டோடு சேர்த்து 4,400. ஒற்றைப் பிடிக்கு இது கூடத்தான். கண்டிக் கடைக்காரர் சோடிக்குச் சொன்ன விலையில் பாதிக்குச் சற்றுக் குறைவு என்று அப்பாயி கணக்குப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

வீட்டில் ஏற்றியதும் புதியது பளபளத்தது, பழையது பழுப்பு. அமோனியாப் புகையில் மூடி வைத்துப் புதியதைப் பழுப்பாக்கலாம். பழைய சாமான் விற்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வளைத்தோ அடித்தோ விறைத்துப்போன பித்தளையில் அமோனியா பட்டால் நாளடைவில் வெடிப்பு விழும். உருட்டிய தகட்டில் அதைச் செய்ய எனக்கு மனமில்லை. அப்பாயி என் விளக்கத்தைக் கேட்டு முடிக்கவில்லை. புளியைக் கரைத்துக்கொண்டு வந்து பழையதைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். பழைய சாமானைத் தேய்க்கக் கூடாது, பழுப்புக்குத்தான் விலை என்று சொல்லிப் பார்த்தேன். "யார்ரா விக்கப் போறா?" என்றார்.

தேய்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புளியைப் பூசி ஊறவிட்டால் பித்தளை இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாய்ப் போகும், மேலே உள்ள நாகம் கரைந்து செம்பு மிஞ்சுவதால். தேய்த்த கையோடு கழுவித் துடைத்துவிட வேண்டும். பிடியைக் கழற்ற முடியாவிட்டால், தட்டின் வடிவத்துக்கு ஒரு மட்டையில் ஓட்டை வெட்டி மரத்தை மூடிக்கொண்டு தேய்த்தால் பொலிஷ் கெடாது.

லாச்சி இறுகுவதைச் சரி செய்யாமல் விட்டால் இதுவும் முறியும். முகப்பலகையின் மேல் ஓரத்தைச் சீவ வேண்டும், ஆனால் மழைக்காலத்தில் சீவினால் வெயில் வந்ததும் இடைவெளி விழுந்து கரப்பான் குடியேறும். பெப்ரவரியில், மரம் காய்ந்திருக்கும்போது, ஒரு தபால் அட்டை இரண்டாக மடித்தது நுழைகிற அளவுக்குத்தான் சீவப்போகிறேன். அதுவரை லாச்சி ஓடும் சட்டத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்திருக்கிறேன். சிலர் சவர்க்காரம் தேய்ப்பார்கள், அது ஈரத்தை இழுக்கும், நமது குளிருக்கு உதவாது. மரம் காயும்போது பலகை மெலிந்து நட்டு தளரும் என்பதால், சீவுகிற அன்றைக்கே இரண்டு பக்க நட்டுகளையும் கையால் திருப்பிப் பார்த்து இறுக்க வேண்டும். ஸ்பேனரால் இல்லை, பித்தளை மரை அந்த இறுக்கத்தைத் தாங்காது.